பரோட்டாவும் பிரியாணியும்: நான் ஆர்டரை மாற்றிய விதம்

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் எனக்கு கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 158, இன்னொரு ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 260 என்று ரத்தப் பரிசோதனையில் கூடுதலாக வந்தபோது, வெளிச்சாப்பாட்டை விட்டுவிடாமல், கேட்டு வாங்கும் விதத்தை மாற்றினேன். எல்டிஎல்லைப் பெரிதும் உயர்த்துவது டால்டா, பாமாயில், நெய் ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு. டிரைகிளிசரைடு ஏறுவதில் மைதா, வெள்ளைச் சோறு, இனிப்புக் குளிர்பானம் ஆகியவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

பரோட்டாவில் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. டால்டா போட்டதா என்பதை அறிய, பொட்டலத்தை ஆறவிட்டுப் பார்ப்பேன். இந்த ஊரின் குளிர்ந்த மாலையில் அதன் மடிப்புகளில் வெள்ளைக் கொழுப்பு மெழுகுபோல் உறைந்து நிற்கும். 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதியானாலும், நிறைவுற்ற கொழுப்பு அதனால் குறைந்துவிடாது. ஆகவே அத்தகைய கடைகளில் எண்ணெய் தடவாத சப்பாத்தி கேட்கிறேன். சால்னாவின் மேல் மிதக்கும் சிவப்பு எண்ணெயை ஒதுக்கிவிட்டு, அடியிலுள்ள கறியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிரியாணி என்றால் அரை பிளேட்டும் வெங்காயப் பச்சடியும். பொரித்த கோழிக்குப் பதிலாகத் தோல் நீக்கிய தந்தூரி. குளிர்பானத்துக்குப் பதிலாக உப்பு மோர்.

மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 139, டிரைகிளிசரைடு 170 ஆகக் குறைந்தன. எனினும் எல்டிஎல் 190-ஐத் தாண்டியவர்களுக்கு உணவு மாற்றம் மட்டும் பெரும்பாலும் போதாது. மருத்துவர் தரும் மாத்திரையும் தேவைப்படும்.