இறுதிச் சுற்றின் 30 நிமிடமும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஓர் எண்ணும்

போன மாதம் மூன்று நாள் தொடர்ந்து பேனலில் உட்கார வேண்டியிருந்தது. ஆபரேஷன்ஸ் மேலாளர் வேலைக்கான இறுதிச் சுற்று. ஆறு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேஸ், அதாவது தீர்வு சொல்ல வேண்டிய ஒரு தொழில் பிரச்சினை, தயாரிக்க ஒரு வாரம், பேச ஆளுக்கு 30 நிமிடம். அதில் நான்கு பேர், பல வருடங்களுக்கு முன் நான் வேலை தேடியபோது எந்த இடத்தில் மாட்டினேனோ அதே இடத்தில் மாட்டினார்கள். நன்றாக உழைத்து வந்தவர்கள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்லைடைப் பார்த்து வாசிக்கக் கூடாது, எழுத்து பொடியாக இருக்கக் கூடாது, சார்ஜரை மறக்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

30 நிமிடத்தையும் பேசித் தீர்ப்பது

அழைப்பு வந்தவுடன் எச்.ஆரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "30 நிமிடம் கேள்விகளையும் சேர்த்தா, சேர்க்காமலா?" பெரும்பாலும் சேர்த்துத்தான் இருக்கும். முந்தைய ஆளின் பேச்சு நீண்டிருக்கும், புரொஜெக்டர் கேபிள் ஒத்துழைக்காது, யாராவது ஒருவர் தாமதமாக வருவார். உங்கள் கைக்கு வருவது 25 நிமிடம்தான் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள். அதில் 15 நிமிடம் நீங்கள் பேசலாம், மீதி அவர்களுக்கு. எட்டு ஸ்லைடு போதும்.

முதல் ஸ்லைடிலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள். "பொருள் கைக்கு வந்த பின் பணம் தரும் சி.ஓ.டி. ஆர்டர்களை அனுப்பும் முன் போனில் உறுதி செய்ய வேண்டும், அதை இரண்டு ஊர்களில் நான்கு வாரம் சோதித்துவிட்டுத் தொடங்க வேண்டும்." இப்படி. வந்தவர்களில் ஒருவர் நிறுவனத்தின் வரலாறு, சந்தை நிலவரம், போட்டியாளர்கள் என்று ஒன்பதாவது ஸ்லைடு வரை போனார். எங்கள் நிறுவனத்தின் வரலாறு எங்களுக்குத் தெரியும். அவருடைய யோசனை திரையில் வரும்போது நிதித் துறைத் தலைவர் வேறு மீட்டிங்குக்கு எழுந்து போய்விட்டார்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத எண்

எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேஸில் உள்ள விவரங்களை மாற்றியிருக்கிறேன், கணக்கு போகும் வழி அதேதான்.

ஆன்லைனில் துணி விற்கும் நிறுவனம். மாதம் 26,000 ஆர்டர்கள் சி.ஓ.டி.யில் வருகின்றன. அதில் 22 சதவீதம், அதாவது 5,720 பார்சல்கள், வாங்கப்படாமலே திரும்பி வருகின்றன. வீடு பூட்டியிருக்கும், முகவரி தவறாக இருக்கும், ராத்திரி ஆசைப்பட்டு ஆர்டர் போட்டவர் காலையில் மனம் மாறியிருப்பார். போக்கும் வரத்தும் பேக்கிங்கும் சேர்த்து ஒரு ரிட்டர்னுக்கு 130 ரூபாய் நஷ்டம். இதைக் குறைக்க என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

இரண்டாம் நாள் வந்த இளைஞர், பார்சல் கிளம்பும் முன் வாடிக்கையாளரைப் போனில் அழைத்து உறுதி செய்யலாம் என்றார். நல்ல யோசனை. ரிட்டர்ன் 40 சதவீதம் குறையும், மாதம் கிட்டத்தட்ட 3 லட்ச ரூபாய் மிச்சம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார். நிதித் துறைத் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்த நாற்பது எங்கிருந்து வந்தது?"

"இண்டஸ்ட்ரி சராசரி, சார்."

"எந்த இண்டஸ்ட்ரி? யார் எடுத்த சராசரி?"

இளைஞர் லேப்டாப்பைப் பார்த்தார். ஏதோ ஒரு கட்டுரையில் படித்ததாகச் சொன்னார். அப்புறம், 30 சதவீதம் என்று வைத்தாலும் லாபம்தான் என்றார். அந்த வார்த்தையோடு எல்லாம் முடிந்தது. கேட்டவுடன் நாற்பது முப்பதாகிறது என்றால், இன்னொரு முறை கேட்டால் இருபதாகும் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்ன சரியான எண்களையும் யாரும் நம்பவில்லை. கேஸிலேயே நாங்கள் கொடுத்திருந்த 22 சதவீதத்தைக்கூட ஒருவர் சரிபார்க்கச் சொன்னார்.

நான் மாட்டியதும் இப்படித்தான். அன்று என்னுடைய எண், வண்டியில் காலியாகப் போகும் இடம் எத்தனை சதவீதம் என்பது. நண்பர் ஒருவர் சொன்னதைப் போட்டிருந்தேன். கேள்வி வந்தவுடன் குரலை உயர்த்தி வாதாடினேன். வேலை கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது.

அனுமானம் செய்வது தவறில்லை. ஒரு வாரத்தில், வெளியே உட்கார்ந்துகொண்டு, அனுமானம் இல்லாமல் யாரும் கணக்குப் போட முடியாது. அனுமானத்தை உண்மை போல உடுத்தி நிறுத்துவதுதான் தவறு. தயாரிக்கும்போது ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள்: கேஸில் கொடுத்தது, நான் கணக்கிட்டது, நான் அனுமானித்தது. மூன்றாவது வகையில் மூன்று நான்கு எண்கள்தான் மிஞ்சும். கடுமையான கேள்விகள் முதலில் அங்கேதான் வரும்.

அந்த எண்களுக்கு என்ன செய்வது? எவ்வளவு குறையும் என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, எவ்வளவு குறைந்தால் செலவு கட்டுப்படியாகும் என்று திருப்பிக் கேளுங்கள். ஓர் ஆள் நாளைக்கு 150 அழைப்பு, மாதம் 25 நாள் என்றால் 3,750 அழைப்பு. 26,000 ஆர்டருக்கு ஏழு பேர் வேண்டும். ஆளுக்கு 18,000 ரூபாய் என்றால் மாதம் 1,26,000. அதை 130-ஆல் வகுத்தால் 970 பார்சல். அதாவது இப்போது திரும்பும் 5,720-இல் 17 சதவீதம் குறைந்தாலே போட்ட பணம் வந்துவிடும்.

இப்போது ஸ்லைடில் நாற்பதுக்கு வேலையே இல்லை. "17 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் லாபம், கீழே போனால் நிறுத்திவிடலாம்" என்று எழுதலாம். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒவ்வொரு படியையும் பலகையில் எழுதிக் காட்டலாம். சம்பளம் 18,000 போதாது, 22,000 ஆகும் என்று யாராவது சொன்னால் அங்கேயே மாற்றிப் போடலாம். 1,54,000 ரூபாய், ஏறக்குறைய 1,185 பார்சல், 21 சதவீதம். அவர் உங்களை எதிர்ப்பதற்குப் பதில் உங்கள் கணக்குக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்.

மூன்றாம் நாள் வந்த பெண் இதைத்தான் செய்தார். அவரையும் விடவில்லை. "போன் பண்ணிக் கேட்டா, வாங்குறதா இருந்தவங்களும் வேண்டாம்னு சொல்வாங்களே, அந்த நஷ்டம் எங்கே?" என்று அதே நிதித் துறைத் தலைவர் கேட்டார். கடினமான கேள்வி, சரியான கேள்வியும்கூட. அந்தப் பெண் பதற்றப்படவில்லை. "அதை நான் சேர்க்கல, சார். இப்ப சேர்த்துடலாம்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஆர்டரில் எவ்வளவு லாபம் என்று எங்களையே கேட்டார். 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். ஒழுங்காக வாங்கும் 20,280 பேரில் நூற்றுக்கு ஒருவர் பின்வாங்கினால் 203 ஆர்டர், 50,750 ரூபாய். எல்லையை 17-இலிருந்து 24 சதவீதத்துக்கு ஏற்றி எழுதினார். "சோதனையில் இதையும் அளக்கணும்" என்று பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

சோதனையையும் யோசித்து வைத்திருந்தார். ஆர்டர் எண் ஒற்றைப்படையில் முடிந்தால் அழைப்பது, இரட்டைப்படையில் முடிந்தால் வழக்கம்போல் அனுப்புவது. அப்படிச் செய்தால் பண்டிகை, மழை, கூரியர் ஆளின் விடுமுறை எல்லாம் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி பாதிக்கும். கடைசி வாரம் போன பார்சல்கள் திரும்பி வர நாளாகும், அதனால் நான்காம் வாரம் முடிந்தவுடன் கணக்கை மூடக் கூடாது என்றும் சொன்னார். வேலை தெரிந்தவர் என்று எனக்கு அங்கேதான் உறுதியானது.

கேள்வியை விட்டுவிட்டுக் குரலுக்குப் பதில் சொல்வது

பேனலில் ஒருவர் வேண்டுமென்றே கடுமையாகப் பேசுவார். சில இடங்களில் அதை ஒருவருக்கு வேலையாகவே கொடுத்திருப்பார்கள். சில சமயம் அவருக்கு உண்மையிலேயே கோபம் இருக்கும், நீங்கள் குறை சொல்லும் முறையை அமைத்தவர் அவராகவே இருக்கலாம். இரண்டையும் உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். கேள்வியில் உள்ள சூட்டை எடுத்துவிட்டு மிச்சத்தை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். "இது கல்லூரிப் பிராஜெக்ட் மாதிரி இருக்கு, நடைமுறையில் நடக்காது" என்றால், "ஏழு பேரை வைத்து தினமும் இத்தனை அழைப்பு சாத்தியமா என்று கேட்கிறீர்கள், சரியா?" என்று கேளுங்கள். ஆமாம் என்பார், அல்லது தன் உண்மையான சந்தேகத்தைச் சொல்வார். உங்களுக்குப் பத்து விநாடியும் கிடைத்துவிடும்.

அடிக்கடி வருவது, "இதை ஏற்கெனவே செஞ்சு பார்த்தாச்சு, வேலைக்கு ஆகல." இங்கே மறுத்துப் பேசியவர்களில் ஒருவர்கூடத் தேறி நான் பார்த்ததில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும், அதைக் கேளுங்கள். எப்போது அழைத்தார்கள், ஆர்டர் வந்த அன்றா, மூன்று நாள் கழித்தா? எத்தனை பேர் போனை எடுத்தார்கள்? எங்கள் பேனலில் வந்த பதில், காலை 11 மணிக்கு அழைத்தார்கள், பாதிப் பேர் எடுக்கவே இல்லை என்பது. மாலையில் அழைக்கலாமே என்று சொல்ல அங்கே இடம் பிறந்தது.

பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு வரும் மௌனத்தை நிரப்பாதீர்கள். அந்த நேரத்தில் வாயிலிருந்து வருவதில்தான் அடுத்த கேள்விக்கான கொக்கி இருக்கும்.

பேனலில் இருவருக்குள் சண்டை வந்தால்

கட்சி சேராதீர்கள். எந்த எண் தெரிந்தால் அவர்கள் சண்டை தீருமோ அதைச் சொல்லுங்கள்.

கேள்வி வந்தவுடன் ஸ்லைடுகளைப் பின்னோக்கித் தள்ளித் தேடுவது

கணக்கு ஸ்லைடுகளைக் கடைசியில் வைத்து, அவற்றின் எண்களை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். பவர்பாயிண்ட் ஓடும்போது எண்ணைத் தட்டி `Enter` அழுத்தினால் நேராக அந்த ஸ்லைடு வரும். `B` அழுத்தினால் திரை கறுத்துவிடும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள்.

"நல்ல கேள்வி, சார்"

ஒரு முறைகூட வேண்டாம்.

"நன்றி" என்று மட்டும் போட்ட கடைசி ஸ்லைடு

கேள்வி நேரம் முழுவதும் திரையில் நிற்கப்போவது அதுதான். அந்த இடத்தில் 17 சதவீதக் கணக்கைப் போடுங்கள்.