வாடகை வீட்டின் ஐந்தாண்டுச் செலவு: கணக்கு எங்கே தவறுகிறது

வெள்ளவத்தையில் மாதம் 80,000 ரூபாய்க்கு ஒரு தொடர்மாடி வீட்டைப் பேசி முடிப்பவர், ஆண்டுக்கு 960,000, ஐந்து ஆண்டுக்கு 48 இலட்சம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்கிறார். ஆண்டுதோறும் வாடகை 10 சதவீதம் கூடும் என்றும், மூன்று மாத வாடகையான 240,000 ரூபாயை வைப்பாகக் கொடுக்க வேண்டும் என்றும் உடன்படிக்கை சொல்லும்போது, தரகு, லொறி, உடன்படிக்கை, பெயின்ட் செலவுகளும் சேர்ந்து உண்மையான தொகை 62 இலட்சத்தைத் தாண்டிவிடும்.

கொழும்பில் முதற்குழப்பம் 'அட்வான்ஸ்' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. வீட்டை விடும்போது திரும்பக் கிடைக்கும் வைப்பையும், மாத வாடகையில் சிறிது சிறிதாகக் கழியும் முற்பணத்தையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். இதே வீட்டுக்கு ஆறு மாத முற்பணமாக 480,000 ரூபாய் கொடுத்து, முதலாண்டில் மாதந்தோறும் 40,000 கழித்துக்கொள்வதாகப் பேசினால், அது முன்கூட்டியே கட்டிய வாடகையே. அதை வாடகையின் மேல் மறுபடி கூட்டினால் ஒரே பணத்தை இருமுறை எண்ணியதாகும். 'அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுதிய பற்றுச்சீட்டை வாங்கி வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு, தாம் கொடுத்தது எந்த வகை என்பதே வீட்டை விடும் நாளில் வழக்காக மாறியதை நான் பார்த்திருக்கிறேன். கழியுமா, திரும்புமா என்பதை அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும்.

திரும்பி வரும் வைப்பை முழுச் செலவாக எழுதுவது தவறு. திரும்பி வரும்தானே என்று கணக்கில் சேர்க்காமல் விடுவதும் தவறு. 240,000 ரூபாயை ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் நிலையான வைப்பில் இட்டிருந்தால், ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 112,600 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கும். அந்த இழப்பே வைப்பின் உண்மையான செலவு. விலைவாசி ஏறும் காலத்தில் இழப்பு இன்னும் பெரிது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 சதவீதம் உயர்ந்திருந்ததால், முந்தைய செப்டம்பரில் கொடுத்த 240,000 ரூபாயை அப்போது குறையாமல் திரும்பப் பெற்றவருக்கும், கொடுத்த காலத்து விலைப்படி பார்த்தால் 141,000 ரூபாய் அளவுக்கே வாங்கும் சக்தி மிஞ்சியது. இதனோடு, பெயின்ட் அடிக்கவும் பழுது பார்க்கவும் என்று உரிமையாளர் பிடித்துக்கொள்ளும் தொகையையும் செலவில் சேர்க்க வேண்டும். இங்கே அதை 60,000 என்று வைத்துக்கொள்வோம்.

வாடகை உயர்வைக் கணக்கிடும்போது இரண்டு இடங்களில் கால் இடறுகிறது. ஒவ்வோர் ஆண்டும் முதல் வாடகையின் 10 சதவீதமான 8,000 ரூபாயையே கூட்டுவோர் உண்டு. உயர்வு முந்தைய ஆண்டு வாடகையின் மீதே கணக்கிடப்படுகிறது. ஐந்து ஆண்டு என்பதால் ஐந்து முறை உயர்த்துவோரும் உண்டு. முதலாண்டில் உயர்வு இல்லாததால் நான்கு முறையே உயரும். சரிபார்க்க ஐந்தாம் ஆண்டின் மாத வாடகையை மட்டும் பார்த்தால் போதும். அது 117,128 ரூபாயாக இருக்க வேண்டும். 112,000 வந்தால் முதல் தவறு நேர்ந்திருக்கிறது, 128,841 வந்தால் இரண்டாவது. சரியாகக் கூட்டினால் ஐந்தாண்டு வாடகை 5,860,896 ரூபாய்.

இதனுடன் தரகருக்கு ஒரு மாத வாடகை 80,000, லொறிக்கும் தூக்குவோருக்கும் 35,000, இரண்டாண்டுக்கொருமுறை எழுதும் உடன்படிக்கையில் நமது பங்கு 20,000 வீதம் மூன்று முறை ஆகியவற்றையும், வைப்பின் வட்டி இழப்பையும், பெயின்ட் பிடித்தத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 6,208,500 வருகிறது. 60 மாதங்களால் வகுத்தால் மாதம் 103,500 அளவு. ஐந்தாண்டு முடிவில் வெளியேறும் லொறிச் செலவை நான் இங்கே சேர்க்கவில்லை. அது அடுத்த வீட்டின் கணக்கில் வருவதால், இரண்டிலும் எழுதினால் இரட்டிப்பாகும்.

இடையில் வீடு மாறுவதே பலரை ஏமாற்றும் இடம். இரண்டாண்டு முடிவில் வாடகை 96,800 ஆகும்போது, தெஹிவளையில் 91,800 ரூபாய்க்கு ஒரு வீடு கிடைக்கிறது என்றும், அங்கும் ஆண்டுக்கு 10 சதவீதமே உயரும் என்றும் கொள்வோம். மாதம் 5,000 மிச்சம் என்பது மூன்றாண்டில் 198,600 ஆகிறது. ஆனால் புதிய வீட்டின் தரகுப் பணம் 91,800, லொறிக்கு 35,000, பழைய வீட்டைக் காலி செய்யுமுன் புதியதற்கும் கட்டும் அரை மாத வாடகை 45,900, இரண்டாவது வீட்டிலும் ஒருமுறை பிடிக்கப்படும் பெயின்ட் பணம் 60,000 எல்லாம் சேர்ந்து 232,700 ஆகிவிடுகின்றன. உடன்படிக்கைச் செலவு எங்கிருந்தாலும் உண்டு என்பதால் அதை விட்டுவிட்டேன். மாறியவருக்கு 34,100 ரூபாய் நட்டம். இதே செலவில் மாறுவது கட்டுப்படியாக, புதிய வாடகை மாதத்துக்கு ஏறத்தாழ 6,000 ரூபாயாவது குறைந்திருக்க வேண்டும்.