அணுக்களை எண்ணிய பின் மின்சுமையையும் கூட்டிப் பாருங்கள்

சில்வர் நைட்ரேட் கரைசலில் தாமிரக் கம்பியை இடும்போது நிகழும் வினையை Cu + Ag⁺ → Cu²⁺ + Ag என்று எழுதினால், அணுக்கள் இருபுறமும் சமமாகவே இருக்கும். ஆயினும் மொத்த மின்சுமை இடப்புறம் +1, வலப்புறம் +2 என்பதால் அச்சமன்பாடு தவறானது. ஒரு தாமிர அணு இழக்கும் இரண்டு எலக்ட்ரான்களை ஏற்க இரண்டு வெள்ளி அயனிகள் வேண்டும்.

Cu(s) + 2Ag⁺(aq) → Cu²⁺(aq) + 2Ag(s)

இதில் வெள்ளியை Ag(aq) என எழுதுவதும் பிழையே, ஏனெனில் கம்பியின் மேல் படிவது திண்ம வெள்ளி. கரைசலில் கரைந்திருப்பவை அதன் அயனிகள். எது கரைந்துள்ளது, எது படிந்தது என்பதை நிலைக் குறியீடு மட்டுமே சொல்வதால், அதைத் தவறாக எழுதினால் தேர்வில் மதிப்பெண் குறைப்பது நியாயமானதே. மின்சுமை சமமா என்று பார்க்க, ஒவ்வொரு புறத்திலும் உள்ள ஒவ்வோர் அயனியின் மின்சுமையையும் அதன் கெழுவால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பூச்சியமாக இருக்க வேண்டியதில்லை, இங்குள்ளதுபோல் இருபுறமும் +2 என ஒன்றாக இருந்தால் போதும்.