சிக்ஸ் சிக்மா பிளாக் பெல்ட்டுக்கு ப்ராஜெக்ட் வேண்டுமா?

மண்டபம் பக்கம் இறால் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, நேரா பிளாக் பெல்ட் எழுதிரலாமா? ப்ராஜெக்ட் செஞ்சிருக்கணுமா?" எந்த அமைப்பின் பெல்ட் என்று கேட்டேன். அதை அவர் பார்க்கவே இல்லை. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

சிக்ஸ் சிக்மா என்பது வேலையில் வரும் குறைகளை அளந்து குறைக்கும் முறை. அதில் தேறியவருக்குத் தரும் சான்றிதழ்தான் பெல்ட்; யெல்லோ, கிரீன், பிளாக் என்று நிலை உயரும். அதை உலகத்துக்கெல்லாம் ஒரே அமைப்பு தருவதில்லை. ஐஏஎஸ்எஸ்சி என்ற அமைப்பு எந்த நிலைக்கும் ப்ராஜெக்ட் கேட்பதில்லை; தேர்வில் தேறினால் போதும். ஏஎஸ்க்யூ என்ற இன்னொரு அமைப்பில் யெல்லோவுக்கு முன்நிபந்தனை இல்லை. கிரீனுக்குச் சம்பளத்தோடு பார்த்த 3 வருட வேலை அனுபவம் வேண்டும், ப்ராஜெக்ட் வேண்டாம். படிக்கும்போது செய்த இன்டர்ன்ஷிப் இதில் சேராது. பிளாக்குக்கு முடித்த ப்ராஜெக்ட் 2, அல்லது ப்ராஜெக்ட் 1, கூடவே 3 வருட அனுபவம். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் கையெழுத்திட்ட உறுதிமொழி உண்டு. ஆகவே பணம் கட்டுமுன், வேலை விளம்பரம் எந்த அமைப்பைச் சொல்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது, எதை ப்ராஜெக்ட் என்று காட்டுவது. "புது ஃப்ரீசர் வாங்கினோம், நேரம் மிச்சம்" என்று எழுதினால் அது கொள்முதல். காரணம் தெரியாத ஒரு பிரச்சினையை அளந்து, காரணத்தைக் கண்டுபிடித்து, கம்பெனிக்குப் பண லாபம் காட்டியிருக்க வேண்டும்.

தம்பியின் கம்பெனியிலேயே ஒன்று கிடக்கிறது. உறைந்த ப்ளாக்கின் மேல் 1.8 கிலோ என்று போட்டிருக்கும். எடை குறைந்தால் சரக்கு திரும்பிவிடுமோ என்ற பயத்தில், தட்டில் இறாலை நிரப்புபவர் கை தாராளமாகிவிடும். சராசரி 1.85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2,000 ப்ளாக் என்றால் 100 கிலோ இறால் சும்மா போகிறது.

இங்கே உடனே தொழிலாளியைத் திட்டக் கிளம்புவார்கள். முதலில் அளவையே சோதிக்க வேண்டும். பனியைக் கரைத்துச் சல்லடையில் வடித்தபின்தான் எடை. ஒருவர் 2 நிமிடம் வடித்து, இன்னொருவர் 5 நிமிடம் வடித்தால், ஒரே மாதிரி ப்ளாக்கிலும் வேறு வேறு எடை வரும். அந்த வித்தியாசத்தைத் தட்டு நிரப்புபவர் கையின் குற்றம் என்று வரைபடம் போட்டால் மொத்தமும் பொய். ஒரே லாட்டில் எடுத்த ப்ளாக்குகளை இருவரும் தனித்தனியாக எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் கரைக்கே உரிய பொறி இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மார்ச்சில் கடல் இறாலை வைத்து 'முன்பு' அளவை எடுத்து, மே மாதம் பண்ணையில் வளர்த்த வன்னாமை இறாலை வைத்து 'பின்பு' அளவை எடுத்தால், சரக்கு மாறியதைத்தான் முன்னேற்றம் என்று காட்டுவீர்கள். முன்பு, பின்பு இரண்டு அளவையும் ஏப்ரலுக்கு முன்பே முடிக்க வேண்டும். இல்லையென்றால் விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போய், அதே ரகமும், கிலோவுக்கு எத்தனை இறால் என்ற அதே கவுண்ட்டும் வரும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும்.