பால் காய்ப்பு நாளை நகர்த்துவது எந்த வேலை?

பாளையங்கோட்டையில் என் தங்கை வீட்டுக்கு மாடி எடுத்தோம். சுவர் லிண்டல் மட்டத்தைத் தாண்டி நின்றபோது ஆவணி 10 அன்று பால் காய்ப்பு என்று நாள் குறித்துவிட்டார்கள். ஜூன் 15 முதல் நாள் என்றால் அது 73ஆவது நாள். கட்டட வேலைகளைத் திட்டமிடுவதுதான் என் தொழில் என்பதால் கணக்குப் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. முடிவு நாளைத் தீர்மானிக்கிற வேலைச் சங்கிலிக்கு கிரிட்டிகல் பாத் என்று பெயர். அதைப் பற்றி எல்லோரும் செய்கிற தவறுகள் எல்லாம் அந்த ஒரு மாடியிலேயே வந்து போயின. அதையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மீதி வேலைகள். சென்ட்ரிங் அடிக்க 5 நாள். கம்பி கட்டி, அதற்குள் கரண்ட் பைப் பதிக்க 4 நாள். கான்கிரீட் ஒரு நாள். முட்டு பிரிக்கும்வரை காத்திருப்பு 14 நாள், பிரிக்க ஒரு நாள். சுவரை வெட்டி பைப் இறக்க 4, உள்பூச்சு 12, பூச்சு நனைய 7, டைல்ஸ் 8, கதவு மாட்ட 2, பெயிண்ட் 8, சுவிட்சும் குழாயும் பொருத்த 3. ஞாயிறு விடுமுறையையும் சேர்த்துத்தான் இந்த நாட்கள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்பதால் அப்படியே கூட்டலாம்: 69 நாள். இன்னொரு பக்கம், ஆசாரி பட்டறையில் கதவு ஜன்னல் செய்ய 30 நாள். முதல் நாளே ஆர்டர் கொடுத்தால் 30ஆம் நாள் தயாராகிவிடும். ஆனால் டைல்ஸ் முடியும் 56ஆம் நாள் வரை அது தேவைப்படாது.

இந்த இரண்டு சங்கிலிகளில் நீளமானதுதான் கிரிட்டிகல் பாத். அதற்குக் குறைந்து வேலையை முடிக்க முடியாது, அதில் ஒரு நாள் தாமதித்தால் முடிவு நாளும் ஒரு நாள் தள்ளும். கதவு வேலைக்கு 26 நாள் இடைவெளி இருக்கிறது. அதற்கு ஃப்ளோட் என்று பெயர். 1957ல் டூபான்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் ரசாயனத் தொழிற்சாலை வேலைகளுக்காக உருவாக்கிய கணக்கு இது. வீட்டு வேலைக்கும் அப்படியே பொருந்தும்.

சரி, தவறுகளுக்கு வருவோம். பணம் அதிகம் போகிற வேலையைத்தான் எல்லோரும் கிரிட்டிகல் என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. தேக்குக் கதவுதான் பெரிய செலவு, அதனால் தங்கை தினமும் ஆசாரிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். எலக்ட்ரீஷியனை யாரும் நினைக்கவில்லை. கம்பிக்கு நடுவே பைப் பதிக்கிற ஒரு நாள் வேலைதானே என்று விட்டுவிட்டார்கள். அவர் தச்சநல்லூரில் வேறொரு வீட்டில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் கழித்து வந்தார். பைப் பதிக்காமல் கான்கிரீட் போட முடியாது. 10ஆம் நாள் போட வேண்டிய கான்கிரீட் 13ஆம் நாள் ஆனது. அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாமே மூன்று மூன்று நாளாக நகர்ந்து, முடிவு 72ஆம் நாளுக்குப் போனது. பால் காய்ப்புக்கு முந்தின நாள்! சில ஆயிரம் ரூபாய் வேலை மூன்று நாளைத் தின்றுவிட்டது, பல மடங்கு விலையுள்ள கதவு அதுவரை ஒரு நாளைக்கூடத் தொடவில்லை. ஒரு வேலை கிரிட்டிகலா என்று தெரிய வேண்டுமானால் அதன் விலையைப் பார்க்கக் கூடாது. 'இது ஒரு நாள் நின்றால் வேறு எந்த வேலை நிற்கும், அதற்குப் பின்னால் எது நிற்கும்' என்று கடைசி நாள்வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

இரண்டாவது தவறு, ஆள் இல்லாத வேலையைத் திட்டத்தில் எழுதாமல் விடுவது. மேஸ்திரி தாளில் எழுதிக் கொடுத்த பட்டியலில் கான்கிரீட்டுக்கு அடுத்த வரி முட்டு பிரிப்பது என்று இருந்தது. இடையிலிருந்த 14 நாளும் பூச்சு நனைகிற 7 நாளும் அதில் இல்லை. சம்பளம் கொடுக்க வேண்டிய ஆள் இல்லாததால் அவர் அவற்றை வேலையாகவே எண்ணவில்லை. 69 நாள் வேலை அவர் கணக்கில் 48 நாளாகத் தெரிந்தது. உறுதியோடு சொல்கிறேன், தள்ளிப்போகிற வீடுகளில் பெரும்பாலானவை இங்கேதான் முதலில் சறுக்குகின்றன.

அந்தக் காத்திருப்பைச் சுருக்கவும் முடியாது. மூன்று நாள் போனதும் மாப்பிள்ளை கேட்டார், "மச்சான், முட்டுகளை ஏழு நாளிலயே பிரிச்சா ஏழு நாள் மிச்சமாகுமே?" கணக்குப்படி அவர் சொன்னது சரிதான், கிரிட்டிகல் பாதையில் இருக்கிற வேலையைச் சுருக்கினால் முடிவு நாள் முன்னால் வரும். ஆனால் கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456படி, தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்குத்தான் 7 நாள். அதற்கு மேல் 14 நாள். எங்கள் ஹால் 16 அடி அகலம், அதாவது 4.88 மீட்டர். அதுவும் சாதாரண சிமெண்டுக்குச் சொன்ன குறைந்தபட்ச நாட்கள். சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டு வலுப்பெற இன்னும் மெதுவாகத்தான் இருக்கும். அதனால் அந்த வரியில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாதையிலுள்ள எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றை ஆள் போட்டுக் குறைக்கலாம், சிலவற்றைக் குறைக்கவே கூடாது.

அந்த 14 நாளுக்குள்தான் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் வந்தது. கொத்தனார், சித்தாள் எல்லோரும் லீவு. தங்கை பதறினாள். ஒரு நாளும் போகவில்லை, ஏனென்றால் அன்றைக்குத் தளத்தில் தண்ணீர் கட்டி வைத்ததைத் தவிர வேறு வேலையே கிடையாது. அதே லீவு பூச்சு நடக்கும்போது வந்திருந்தால் முழுசாக ஒரு நாள் தள்ளியிருக்கும். திருவிழா ஒன்றுதான், அது எந்த வேலையின் மேல் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு நாள் நகரும்.

மூன்றாவது தவறை நானே கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். கதவுக்கு 26 நாள் ஃப்ளோட் இருக்கிறது என்று தங்கையிடமும் சொன்னேன், ஆசாரியிடமும் சொன்னேன். தங்கை செங்கோட்டைப் பக்கம் போய் மரம் பார்த்து முடிவெடுக்கப் பத்து நாள் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு 26ல் இன்னும் 16 மிச்சம் என்று கணக்கு. ஆசாரிக்கோ அந்தப் பத்து நாள் போனதே தெரியாது. தன்னிடம் முழு 26 நாளும் இருக்கிறது என்று நினைத்து நடுவில் வேறொரு வேலையை எடுத்து 14 நாள் தள்ளினார். இரண்டும் சேர்ந்து 24. தப்பித்தோம். ஆசாரி இன்னும் ஐந்து நாள் எடுத்திருந்தால் 26ஐத் தாண்டியிருக்கும். ஒரே சங்கிலியில் வரும் வேலைகளுக்கு ஃப்ளோட் பொதுவானது. முன்னால் இருப்பவர் செலவழித்தது போகத்தான் பின்னால் இருப்பவருக்கு. திட்டத்தில் 'மரம் வாங்குதல் 26', 'கதவு செய்தல் 26' என்று இரண்டு வரியிலும் ஒரே எண் தெரிந்தால் கூட்டி 52 என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவர் எடுத்துக்கொண்ட அன்றே மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

நான்காவதுதான் இருப்பதிலேயே நுணுக்கமானது. 72ஆம் நாள் முடிந்தால் வீட்டைக் கழுவித் துடைக்கக்கூட நேரம் இல்லை. நாலைந்து நாள் மீட்க வேண்டும். முட்டு பிரித்த அன்று மேஸ்திரியும் நானும் உட்கார்ந்து பேசினோம்.

"அண்ணாச்சி, பூச்சுக்கு ரெண்டு செட் ஆள் இறக்குனா 12 நாள் வேலையை எட்டு நாள்ல முடிச்சிரலாம். டைல்ஸுக்கும் கூடுதலா ஆள் போட்டா அஞ்சு நாள்ல முடியும். ஏழு நாள் மிச்சம்."

பூச்சு நான்கு, டைல்ஸ் மூன்று, கூட்டினால் ஏழுதான். ஆனால் முடிவு நாள் ஏழு நாள் முன்னால் வராது. எலக்ட்ரீஷியன் தாமதத்துக்குப் பிறகு டைல்ஸ் முடிவது 59ஆம் நாள். ஆசாரியின் கதவு வருவது 54ஆம் நாள். பூச்சில் நான்கு நாள் குறைத்தால் டைல்ஸ் 55ல் முடியும், கதவு முந்தின நாளே வந்திருக்கும், நான்கு நாளும் முழுசாகக் கிடைக்கும். டைல்ஸிலும் மூன்று நாள் குறைத்தால் தரை 52ஆம் நாளே தயார், ஆனால் கதவு 54 வரை வராது. அந்தக் கட்டத்தில் டைல்ஸ் பாதையில் இல்லை, ஆசாரி பட்டறை பாதைக்கு வந்துவிட்டது. மூன்று நாளுக்குக் கூலி கொடுத்து ஒரு நாளைத்தான் வாங்கியிருப்போம்.

கிரிட்டிகல் பாத்தை ஆரம்பத்தில் ஒருமுறை சிவப்புக் கோடு போட்டு வைத்துவிட்டு கடைசிவரை அதையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் இங்கே தவறு. ஒரு வேலை தாமதித்தாலும், ஒரு வேலையைச் சுருக்கினாலும் பாதை இடம் மாறலாம். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் எல்லாச் சங்கிலிகளின் முடிவு நாளையும் மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்துச் சங்கிலிக்கு எத்தனை நாள் இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு நாள்வரைதான் சுருக்குவதால் முழுப் பலன்.

மேஸ்திரியிடம் பூச்சுக்கு மட்டும் இரண்டு செட் போடச் சொன்னேன், டைல்ஸ் பழையபடி எட்டு நாள். மிச்சப்பட்ட கூலியில் கொஞ்சத்தை ஆசாரிக்கு வண்டி வாடகையாகக் கொடுத்து, 54ஆம் நாள் காலையிலேயே கதவை இறக்கச் சொன்னோம். ஏனென்றால் அவருக்கு அப்போது மிச்சமிருந்தது ஒரே ஒரு நாள்தான், ஆரம்பத்தில் 26 இருந்த இடத்தில். தங்கை மறுபடியும் தினமும் ஆசாரிக்குப் போன் போட ஆரம்பித்தாள். இந்த முறை அது சரியான போன். சுவிட்சு எல்லாம் மாட்டி 68ஆம் நாள் சாயங்காலம் சாவியைக் கொடுத்தோம்.