‘விஷேசம்’ என்று சொல்லலாமா? ஜ, ஷ, ஸ, ஹ ஒலிப்பில் நேரும் பிழைகள்

“வீட்டில் ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘விஷேசம்’ என்றும் ‘விஷேஷம்’ என்றும் கேட்பவர்கள் பலர். ‘விசேசம்’ என்று பேச்சு வழக்கில் சொல்பவரைத் திருத்த முற்படுகிறவரே சில சமயம் ‘விஷேசம்’ என்கிறார். என் கணிப்பில் இவ்விரண்டில் முதலாவது பிழையே அல்ல. அது ஷகரத்தைச் சகரமாக்கிக்கொள்ளும் பழைய தமிழ் வழக்கு. இரண்டாவதுதான் பிழை, ஏனெனில் அது மூலச் சொல்லில் ஷகரம் இல்லாத இடத்தில் அதைப் புகுத்தி, இருந்த இடத்திலிருந்து நீக்கிவிடுகிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், வடமொழியில் மூன்று தனி ஒலிகள் இருப்பதுதான். ‘சரஸ்வதி’யின் முதலெழுத்து, நாக்கு நுனி பல்லருகே நிற்கப் பிறக்கும் ஸகரம். ‘விஷம்’ என்பதில் வருவது, நாக்கு நுனி மேலண்ணத்தை நோக்கி வளைய, ஏறக்குறைய டகரம் பிறக்கும் இடத்தில் பிறக்கும் ஷகரம். ‘சக்தி’, ‘சிவன்’, ‘ஆசை’, ‘தேசம்’ ஆகியவற்றின் மூலத்தில் இருப்பது மூன்றாவது ஒலி. அதற்கு நாக்கு வளையாது, நடுநாக்கு அண்ணத்தை நெருங்கும். இந்த மூன்றாவது ஒலிக்கு ‘ஶ’ என்ற கிரந்த எழுத்து உண்டு என்றாலும் அன்றாட எழுத்தில் அதைக் காண்பது அரிது. அதன் இடத்தில் சகரமே எழுதப்படுகிறது. ஆகவே ‘ஷக்தி’, ‘ஆஷை’ என்று அழுத்திச் சொல்பவர் வடமொழி ஒலிப்பையும் எட்டுவதில்லை, தமிழ் ஒலிப்பையும் இழந்துவிடுகிறார். ‘ஷண்முகம்’ என்பது மட்டும் வேறு கதை. அதன் மூலத்தில் முதலெழுத்தே ஷகரம்தான், ‘சண்முகம்’ என்பது அதன் தமிழ் வடிவம்.

வடமொழி படிக்காதவர் இதை எப்படிக் கண்டுகொள்வது? பழைய தமிழாக்க வடிவத்தை நினைத்துப் பார்த்தால் போதும். ஷகரம் தமிழில் சகரமாகவோ டகரமாகவோ மாறும் என்று நன்னூல் வகுத்திருக்கிறது. முதலில் வந்தால் சகரம், நடுவில் வந்தால் டகரம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். விஷம் விடமாயிற்று, வேஷம் வேடமாயிற்று, தோஷம் தோடமாயிற்று. இனி விசேஷத்துக்கு வருவோம். அதன் தமிழாக்கம் ‘விசேடம்’. இலங்கைச் செய்திகளில் ‘விசேட’ என்ற அடைமொழி இன்றும் அன்றாடச் சொல். டகரம் வந்திருப்பது கடைசி இடத்தில், சகரம் மாறாமல் நிற்பது நடுவில். எனவே ஷகரம் கடைசியில்தான் இருந்திருக்க வேண்டும். இதற்கு மறுபக்கமாக, ‘ஆகாசம்’ என்பதற்கு ‘ஆகாயம்’ என்ற வடிவம் இருக்கிறது. சகரம் யகரமாகியிருப்பதால் அங்கே ஷகரம் இல்லை, ‘ஆகாஷம்’ என்பது தவறு. எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஒரு பழைய வடிவம் கிடைக்காது என்பது இந்தச் சோதனையின் எல்லை.

மாற்றுவதிலும் ஒரு தவறு நேர்கிறது. இலக்கண விதி இருக்கிறதே என்று பேச்சில் எல்லா ஷகரத்தையும் டகரமாக்க முடியாது. ‘பாஷை’யைப் ‘பாடை’ என்றால் கேட்பவருக்குப் பிணத்தைச் சுமக்கும் பாடைதான் நினைவுக்கு வரும். ‘கஷ்ட’த்தைக் ‘கட்டம்’ என்றால் கோடு போட்ட கட்டமாகிவிடும். அதனால்தான் பேச்சுத் தமிழ் இவ்விடங்களில் ‘பாசை’, ‘கஸ்டம்’ என்று வேறு வழியில் போகிறது. மேடையிலோ செய்தி வாசிப்பிலோ ‘பாஷை’, ‘கஷ்டம்’ என்று மூல ஒலியை வைத்துக்கொள்வதோ ‘மொழி’, ‘துன்பம்’ என்று சொல்லையே மாற்றிவிடுவதோ பொருத்தம்.

ஜகரத்தில் சிக்கல் குறைவு. ‘மஞ்சள்’, ‘பஞ்சு’ ஆகியவற்றில் அந்த ஒலி நம் நாவுக்குப் பழக்கமானதுதான். சொல்லின் முதலில் வரும்போதும் உயிர்களுக்கு நடுவே வரும்போதும்தான் அது ‘சனம்’, ‘பூசை’ என்று சகரமாக மாறுகிறது. ஆனால் மாற்றம் சில சமயம் தொனியையும் மாற்றிவிடும். குழந்தையை ‘என் ராசா’ என்று தாய் கொஞ்சும் இடத்தில் ‘என் ராஜா’ என்று திருத்தினால் அந்தப் பேச்சின் மண்வாசனை போய்விடும்.

ஹகரத்தில் எழுத்தைப் பார்த்து ஏமாறுவதே பிழை. ‘வாகனம்’, ‘மோகம்’ என்று ககரம் எழுதியிருந்தாலும் உயிர்களுக்கு நடுவே அது ‘மகன்’ என்பதிலுள்ள ககரம்போல் மென்மையாக, ஹகரத்துக்கு அருகிலேயே ஒலிக்கும். ‘பக்கம்’ என்பதில் வருவதுபோல் அதை வல்லொலியாகச் சொல்லக் கூடாது. சொல்லின் முதலிலோ தமிழ் ஹகரத்தை விட்டுவிடுகிறது: அனுமன், இதம், ஓமம். மெல்லினத்தை அடுத்து வந்தால் ‘சிங்கம்’ என்பதுபோல் முழுக் ககரமாகிவிடுகிறது. அங்கே ‘சிங்ஹம்’ என்று ஹகரத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் அது தமிழ் ஒலிப்பாக இருக்காது.