வயதான காலத்தில் அடக்க முடியாத சிறுநீர்: மூன்று நாள் குறிப்பேடும் ஆறு வாரப் பயிற்சியும்

பாத்ரூம் கதவைத் தொடுவதற்குள் உடை நனைந்துவிடுகிறது. இதை யாரிடமும் சொல்ல முடிவதில்லை. சொன்னால் "வயசாகிவிட்டது, இனி அப்படித்தான்" என்பார்களோ, பேரப்பிள்ளைகள் முகம் சுளிப்பார்களோ என்ற கூச்சம் ஒரு பக்கம். இதற்கு வைத்தியமே கிடையாது என்ற தவறான நம்பிக்கை மறுபக்கம். அதனால் பலரும் வெளியில் தெரியாமல் சமாளிக்கும் வழிகளை வைத்துக்கொள்கிறார்கள். தண்ணீரைக் குறைப்பது, முட்டாதபோதே "எதற்கும் போய்விட்டு வருவோம்" என்று போவது, எங்கு போனாலும் முதலில் பாத்ரூம் எங்கே என்று பார்த்து வைப்பது, அடர்ந்த நிற உடையே உடுத்துவது.

மறைக்கச் செய்யும் இந்த வேலைகளில் முதல் இரண்டும் நோயை வளர்ப்பவை. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும். மலமும் இறுகும்; இறுகிய மலம் பின்னாலிருந்து பையை அழுத்தும். முட்டாதபோதே போய்ப் போய் வந்தால், கொஞ்சம் நிரம்பியதுமே காலி செய்ய வேண்டும் என்று பை பழகிக்கொள்ளும். நன்றாக நிரம்பும் வரை பொறுக்கும் வழக்கம் அதற்குப் போய்விடும்.

சிறுநீர்க் கசிவு ஒரே வகை அல்ல. இருமும்போதும் தும்மும்போதும் கசிவது ஒரு வகை. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, போய்ச் சேர்வதற்குள் கசிவது இன்னொரு வகை. வயதானவர்களை அதிகம் முடக்கிப்போடுவது இந்த இரண்டாவது வகைதான். இங்கே விளக்குவதும் அதைப் பற்றியே.

தொடங்கும் முன் ஒரு சரிபார்ப்பு

சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், சிறுநீர் மெல்லிய ஓட்டமாக விட்டுவிட்டு வருவது, போய்வந்த பிறகும் பை நிரம்பியே இருப்பது போன்ற உணர்வு ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். முழுதாக வெளியேறாமல் தேங்கும் பையும் நிரம்பி வழியும். புரோஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு இது அதிகம். அத்தகையவர்கள் அடக்கிப் பழகுவது ஆபத்து. போய்வந்தவுடன் எடுக்கும் ஸ்கேனில் பையில் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டாலோ, கால் பலவீனத்தோடு தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 1: மூன்று நாள் குறிப்பேடு

ஒரு நோட்டு, கடிகாரம், மில்லி அளவு போட்ட பிளாஸ்டிக் குவளை போதும். குவளையை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள், இரவும் பகலும், நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எப்போது எவ்வளவு சிறுநீர் போனது, கசிந்ததா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். கசிவை "சில சொட்டு", "ஈரம்", "உடை மாற்றினேன்" என்று குறித்தால் போதும். நாள் முடிவில் நினைவிலிருந்து எழுதாதீர்கள். அப்படி எழுதும் குறிப்பில் "எதற்கும் போய்விட்டு வருவோம்" என்று போன தடவைகள் விட்டுப்போகும். நாம் தேடுவதே அவற்றைத்தான்.

எழுபது வயதுப் பெண்மணி ஒருவரின் குறிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

காலை 6.00 – 240 மில்லி, எழுந்தவுடன்.
7.10 – 90 மில்லி, முட்டியது.
8.25 – 80 மில்லி, முட்டவில்லை, வெளியே கிளம்பும் முன்.
9.40 – 110 மில்லி, வீடு திரும்பிப் பூட்டில் சாவி போடும்போது கசிவு, உடை மாற்றினேன்.

அன்று 7.10 முதல் படுக்கும் வரை பத்துத் தடவை போயிருக்கிறார், மொத்தம் 930 மில்லி. இரவில் எழுந்து 180, 200. மறுநாள் காலை எழுந்தவுடன் 240. குடித்தது 1250 மில்லி. அதில் 600 மில்லி மாலை ஆறு மணிக்குப் பிறகு.

படி 2: குறிப்பைப் படிப்பது

முதலில் காலை 240-ஐப் பாருங்கள். தூக்கத்தில் 240 மில்லியைக் கசியாமல் வைத்திருந்த அதே பைதான் பகலில் 90 மில்லிக்கே அவசரப்படுகிறது. பை சுருங்கிப்போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். சீக்கிரம் சுருங்கத் துடிக்கும் வழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து இரவுக் கணக்கு. படுத்த பிறகு போனதோடு காலையில் எழுந்தவுடன் போனதையும் சேர்க்க வேண்டும்: 180 + 200 + 240 = 620. ஒரு நாள் மொத்தம் 1550. அதில் நாற்பது சதவீதம் இரவில் சேர்ந்திருக்கிறது. வயதானவர்களுக்கு இது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், கோளாறு பையில் மட்டுமில்லை; உடம்பே இரவில் அதிகமாகச் சிறுநீர் சுரக்கிறது. இவர் வெளியே போக வேண்டும் என்று பகலில் தண்ணீரைக் குறைத்து, அந்தத் தாகத்தையெல்லாம் மாலையில் தீர்த்திருக்கிறார்.

ஒரு நாள் மொத்தச் சிறுநீரே மூன்று லிட்டரைத் தொட்டால் பயிற்சியை ஒதுக்கிவைத்து, சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

படி 3: குடிப்பதை இடம் மாற்றுவது

குறைக்க வேண்டாம், முன்னால் தள்ளுங்கள். இதய, சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவு விதித்திருந்தால் அந்த அளவுதான். மற்றவர்கள் நாளுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டரில் பெரும்பகுதியை மாலை ஐந்து மணிக்குள் முடித்துவிடலாம். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு நிறுத்திவிடுங்கள். காபி, டீயை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். இரண்டு நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறையுங்கள்.

சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறவர்களுக்கு, காலில் தேங்கிய நீர்தான் படுத்த பிறகு சிறுநீராகிறது. பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால், அந்த நீர் விழித்திருக்கும்போதே வெளியேறிவிடும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை எத்தனை மணிக்குப் போடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். நேரத்தை மாற்றுவதாலேயே இரவில் எழுவது குறைவதுண்டு.

படி 4: அலையைக் கடப்பது

முட்டும் உணர்வு அலைபோல் எழுந்து, உச்சம் தொட்டு, தணியும். உச்சத்தில் இருக்கும்போது ஓடுவதால்தான் கசிகிறது. பையும் சுருங்குகிறது, நடையின் குலுக்கலும் சேர்ந்துகொள்கிறது. ராத்திரியில் அப்படி ஓடித்தான் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள்.

எனவே முட்டியதும் ஓடாமல், நின்ற இடத்திலேயே நில்லுங்கள். நாற்காலி இருந்தால் உட்காருங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் கீழ்த் தசையைச் சட்டென்று இறுக்கி விடுங்கள். இப்படி ஐந்தாறு தடவை, வேகமாக. இந்தத் தசை இறுகும்போது, சுருங்காதே என்ற செய்தி நரம்பு வழியாகப் பைக்குப் போகிறது. மூச்சை அடக்காமல் மெதுவாக விட்டபடி நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எண்ணுங்கள்: 93, 86, 79... மனம் கணக்கில் இருக்கும்போது அலை தணியும். தணிந்த பிறகு நிதானமாக நடந்து போங்கள்.

பூட்டில் சாவி போடும்போது, குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்போது முட்டுவது இந்தக் கோளாறின் இயல்பு. வீட்டு வாசல் என்றால் பாத்ரூம் பக்கத்தில் என்று பை பழகியிருக்கிறது. மேலே சொன்ன பெண்மணி, சாவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே வாசலில் நின்று ஆறு தடவை இறுக்கிவிட்டு, பிறகு பூட்டைத் திறக்க வேண்டும்.

படி 5: இடைவெளியை நீட்டுவது

பகலில் கசியாமல் இருக்க முடிகிற நேரத்தில் தொடங்குங்கள். நம் பெண்மணிக்கு அது ஒன்றேகால் மணி நேரம். முதல் வாரம் ஒன்றேகால் மணிக்கு ஒரு முறை, முட்டினாலும் முட்டாவிட்டாலும் போகிறார். இடையில் முட்டினால் அலையைக் கடக்கிறார். அடுத்த வாரம் ஒன்றரை மணி. வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டினால் ஆறாவது வாரம் இரண்டரை மணி நேரத்துக்கு வந்துவிடுவார். மூன்று மணி நேரம் வரை போனால் போதும், அதற்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் கசிவு கூடினால் முந்தைய இடைவெளிக்குத் திரும்பி இன்னொரு வாரம் இருங்கள். இரவில் இந்தப் பயிற்சி கிடையாது. விழித்து, முட்டினால் போய்விட்டு வந்து தூங்குங்கள்.

பலர் தவறுவது இரண்டாவது வாரத்தில். ஒருநாள் நனைந்துவிட்டால் பயந்துபோய் பழையபடி அடிக்கடி போகத் தொடங்கிவிடுவார்கள். வெளியே போகும் நாளில் சிறுநீர்க் கசிவுக்கென்று விற்கும் பேட் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பயம் இராது. மாதவிடாய் பேட் இதற்கு உதவாது. சிறுநீர் அதில் வேகமாக உறிஞ்சப்படாமல் தோலில் ஈரம் நிற்கும்.

நினைவாற்றல் குறைந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி பொருந்தாது. அவர்களை இரண்டு மணிக்கு ஒருமுறை "போய்விட்டு வரலாமா?" என்று வீட்டார் கேட்டு அழைத்துப் போவதே நல்ல வழி.

படி 6: கீழ்த் தசைக்குப் பலம்

இதே தசையை இறுக்கி, முடிந்த அளவு, அதிகபட்சம் பத்து விநாடி நிறுத்தி விடுங்கள். எட்டுத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். வயிறு, பிட்டம், தொடை இறுகக் கூடாது. முக்குவதுபோல் கீழே தள்ளுவதுதான் அதிகம் நடக்கும் தவறு; அது கசிவைக் கூட்டும். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தால், அந்த இடம் உள்ளே மேலேற வேண்டும், விரலை வெளியே தள்ளக் கூடாது. இருமும்போது கசியும் வகைக்கும் முதல் சிகிச்சை இதுதான். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

போதவில்லை என்றால்

ஆறாவது வாரம் மறுபடி மூன்று நாள் எழுதுங்கள். ஒரு தடவை போகும் அளவு 80-லிருந்து 150, 200 என்று ஏறியிருந்தால் பலன் தெரிகிறது, தொடருங்கள். ஏறவில்லை என்றால் இரண்டு குறிப்புகளையும் மருத்துவரிடம் நீட்டி, "டாக்டர், இதைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். கூச்சப்பட்டு விளக்க வேண்டியதையெல்லாம் அந்தத் தாள் சொல்லிவிடும்.

பையின் துடிப்பைத் தணிக்க மாத்திரைகள் உண்டு. பலன் தெரிய நான்கு வாரம் ஆகலாம். ஆக்ஸிபியூட்டினின் போன்றவை வாய் வறட்சி, மலச்சிக்கல் தரும். முதியவர்களுக்குக் குழப்பத்தையும் மறதியையும் உண்டாக்கக்கூடும் என்பதால், ஏற்கெனவே மறதி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மிராபெக்ரான் அந்த வகையில் தேவலை, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கூட்டலாம். அளந்து பார்த்துத்தான் தருவார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அவசரத்தைக் குறைப்பதுண்டு. மாத்திரைக்கும் கேட்காதவர்களுக்குப் பையின் சுவரில் போடாக்ஸ் ஊசி போடலாம். அதன் பலன் சில மாதங்கள் நிற்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். போட்ட பிறகு சிலருக்குச் சிறுநீர் தேங்கி, கொஞ்ச காலம் குழாய் வைத்து எடுக்க நேரும். ஒப்புக்கொள்ளும் முன்பே, அந்தக் குழாயைத் தானாக வைத்துக்கொள்ள முடியுமா, வீட்டில் யார் உதவுவார்கள் என்று மருத்துவரோடு பேசிவிடுங்கள்.